இருபதா, முப்பதா? கூட்டு வட்டிக் கணக்கில் பத்து ஆண்டின் விலை

படிவம் 3 கணிதத்தில் சேமிப்பும் முதலீடும் பற்றிய பாடம் வரும்போது, மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், இருபது வயசுல ஆரம்பிச்சா என்ன, முப்பது வயசுல ஆரம்பிச்சா என்ன? பத்து வருஷம்தானே வித்தியாசம்?”

கேள்வி நியாயமானதுதான். மாதம் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் போடாமல் விட்ட பணம் 12,000 ரிங்கிட். அவ்வளவுதான் நட்டம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பத்து ஆண்டின் விலை 12,000 அல்ல, 65,000 ரிங்கிட்டுக்கும் மேல். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். படிவம் 3 மாணவர்கள் பாடநூல் சூத்திரத்தோடு பின்தொடரலாம். கூடுதல் கணிதம் எடுப்பவர்களுக்கு இது ‘ஜான்ஜாங் ஜியோமெத்ரி’ பாடத்துக்கு நல்ல பயிற்சி.

கணக்கை அமைப்போம்

இரட்டைப் பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அக்கா, மற்றவர் சில நிமிடம் பின்னால் பிறந்த தம்பி. வயது ஒன்றுதான். இருவரும் மாதம் 100 ரிங்கிட் ஒதுக்கி, ஆண்டு முடிவில் 1,200 ரிங்கிட்டாக முதலீட்டில் போடுகிறார்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு கிடைக்கிறது. கிடைத்ததை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அக்கா இருபது வயதில் ஒதுக்கத் தொடங்குகிறார். ஆகவே முதல் 1,200 ரிங்கிட்டை 21ஆம் பிறந்தநாளில் போடுகிறார். கடைசி 1,200-ஐ 60ஆம் பிறந்தநாளில். மொத்தம் 40 தவணை, கைக்காசு 48,000 ரிங்கிட். தம்பி முப்பதில் தொடங்குகிறார். 31ஆம் பிறந்தநாள் முதல் 60ஆம் பிறந்தநாள் வரை 30 தவணை, கைக்காசு 36,000 ரிங்கிட்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடநூலில் உள்ள சூத்திரம் ஒரே ஒரு தடவை போட்ட பணத்துக்கு மட்டுமே:

```
MV = P(1 + r/n)^(nt)
```

அக்காவின் 40 தவணையும் வெவ்வேறு நாளில் போட்டவை. 21 வயதில் போட்ட 1,200 ரிங்கிட் 39 ஆண்டு வளர்கிறது. 22 வயதில் போட்டது 38 ஆண்டு வளர்கிறது. 60 வயதில் போட்டது வளரவே இல்லை. ஆக 40 தடவை சூத்திரத்தைப் போட்டுக் கூட்டவேண்டும். அதைத்தான் தொடரின் கூட்டல் சூத்திரம் ஒரே அடியில் செய்து தருகிறது:

```
S = 1200 × (1.05^40 − 1) / 0.05 = 144,959.73
S = 1200 × (1.05^30 − 1) / 0.05 =  79,726.62
```

முதல் வரி அக்காவுக்கு, இரண்டாவது தம்பிக்கு. வித்தியாசம் 65,233.11 ரிங்கிட். விடை வந்துவிட்டது. ஆனால் ஏன் என்பது இன்னும் தெரியவில்லை.

பத்து ஆண்டுக்கு ஒரு பொட்டலம்

காரணம் தெரிய, அக்காவின் 40 ஆண்டை நான்கு பொட்டலமாகப் பிரிப்போம். ஒவ்வொரு பொட்டலத்திலும் பத்துத் தவணை. பத்துத் தவணை முடிந்த அன்று ஒரு பொட்டலத்தின் மதிப்பு:

```
D = 1200 × (1.05^10 − 1) / 0.05 = 15,093.47
```

நான்கு பொட்டலமும் மூடும் நாளில் ஒரே மதிப்புதான். அதன் பிறகு எத்தனை ஆண்டு காத்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. 5 விழுக்காட்டில் பத்து ஆண்டு காத்திருந்தால் பணம் 1.6289 மடங்காகும். இந்த எண்ணை x என்று அழைப்போம். இருபது ஆண்டு என்றால் x², முப்பது ஆண்டு என்றால் x³.

60 வயதில் நான்கு பொட்டலமும் இப்படி நிற்கும்:

- 20 முதல் 30 வயது வரை போட்டது: 65,233 ரிங்கிட்
- 30 முதல் 40 வரை போட்டது: 40,047 ரிங்கிட்
- 40 முதல் 50 வரை போட்டது: 24,586 ரிங்கிட்
- 50 முதல் 60 வரை போட்டது: 15,093 ரிங்கிட்

இப்போது தம்பியைப் பாருங்கள். அவரிடம் கீழே உள்ள மூன்று பொட்டலமும் அப்படியே இருக்கின்றன. இல்லாதது முதல் பொட்டலம் மட்டும்தான். நான்கிலும் ஆகப் பெரியது அதுதான். எல்லாப் பொட்டலத்திலும் போட்ட கைக்காசு அதே 12,000 ரிங்கிட். முதல் பொட்டலத்துக்கு மட்டும் வளர 30 ஆண்டு கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் நான்கு பட்டையாக வரைந்து காட்டினால் போதும். சூத்திரம் மறந்துபோகும் மாணவருக்குக்கூடப் படம் நினைவில் நிற்கும்.

தம்பி இழந்தது எந்தப் பத்து ஆண்டு?

“இருபதிலிருந்து முப்பது வரை” என்று எல்லாரும் சொல்வார்கள். நாள்காட்டிப்படி அது சரி. பணத்தின்படி பார்த்தால் வேறு மாதிரி.

அக்காவின் கணக்கில் முதல் பத்து ஆண்டில் சேர்ந்தது 15,093 ரிங்கிட்தான். அதில் 12,000 கைக்காசு, வளர்ச்சி வெறும் 3,093. இந்தக் காலத்தில் அவரைக் கேட்டால், “என்னத்த வளருது, ஒண்ணும் காணோமே” என்றுதான் சொல்வார். இரண்டாம் ஆண்டில் அவருக்குக் கிடைத்த வருமானம் 60 ரிங்கிட்.

கடைசிப் பத்து ஆண்டைப் பாருங்கள். 50 வயதில் அக்காவிடம் 30 தவணையும் அதன் வளர்ச்சியும் சேர்ந்து 79,727 ரிங்கிட் இருக்கும். தம்பி 60 வயதில் தொடும் அதே தொகை. அங்கிருந்து பத்து ஆண்டில் அது 144,960 ஆகிறது. கூடியது 65,233 ரிங்கிட். அதில் கைக்காசு 12,000 மட்டுமே. நாற்பதாவது ஓர் ஆண்டில் மட்டும் வருமானம் ஏறக்குறைய 6,846 ரிங்கிட்.

ஆக, தம்பிக்குக் கிடைக்காமல் போனது அந்த மெதுவான தொடக்க ஆண்டுகள் அல்ல. அவற்றை அவரும் கடக்கிறார், முப்பதிலிருந்து நாற்பது வரை. வேகமாக வளரும் கடைசிப் பத்து ஆண்டுதான் அவருக்கு வருவதற்கு முன்பே 60 வயது வந்துவிடுகிறது.

இந்தத் திருப்பத்தை இன்னொரு விதமாகவும் காட்டலாம். ஓர் ஆண்டின் வருமானம் அந்த ஆண்டுத் தவணையான 1,200-ஐ எப்போது முந்துகிறது? 5 விழுக்காட்டில் 1,200 வரவேண்டுமானால் கையிருப்பு 24,000 ரிங்கிட் ஆகவேண்டும். 14ஆம் தவணையோடு 23,518, 15ஆம் தவணையோடு 25,894. ஆகவே 16ஆம் ஆண்டில் முந்துகிறது. அக்காவுக்கு அப்போது வயது 36. தம்பிக்கு 46. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு அக்காவுக்கு 24 ஆண்டு மீதம், தம்பிக்கு 14.

தம்பி ஈடுகட்ட முடியாதா?

முடியும். கூடுதலாகப் போடவேண்டும். இரண்டு தொகையையும் வகுத்தால் 144,959.73 ÷ 79,726.62 = 1.818. அதாவது மாதம் 100-க்குப் பதிலாக ஏறக்குறைய 182 ரிங்கிட். 30 ஆண்டில் அவருடைய கைக்காசு 65,520 ரிங்கிட் ஆகும். அக்கா போட்டது 48,000. அதே இடத்தை அடையத் தம்பி 17,520 ரிங்கிட் கூடுதலாகத் தருகிறார்.

இந்த மடங்கு வருமான விகிதத்தைப் பொறுத்து மாறும். வருமானமே இல்லாமல் உண்டியலில் போட்டால் 40-ஐ 30-ஆல் வகுத்தது, அதாவது 1.33 மடங்கு. 3 விழுக்காட்டில் 1.58. 7 விழுக்காட்டில் 2.11. விகிதம் கூடக்கூடத் தாமதத்தின் விலையும் ஏறுகிறது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். இருபது வயதில் 100 ரிங்கிட் ஒதுக்குவதும் முப்பது வயதில் 100 ஒதுக்குவதும் ஒன்றல்ல. சம்பளம் ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், பத்து ஆண்டில் 100 ரிங்கிட்டின் சுமை 134 ரிங்கிட்டின் சுமைக்குச் சமம். ஆகவே தம்பிக்கு 182 என்பது பார்ப்பதற்குத் தெரியும் அளவு பாரமல்ல. பாரம் இருக்கிறது, இரு மடங்கு இல்லை.

அக்கா முப்பதில் நிறுத்திவிட்டால்?

சேமிப்புப் பற்றிய பேச்சுகளில் அடிக்கடி வரும் கதை ஒன்று: “ஒருவர் இருபதிலிருந்து முப்பது வரை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். இன்னொருவர் முப்பதிலிருந்து அறுபது வரை போட்டார். ஆனாலும் முதலாமவரிடம்தான் அதிகப் பணம்!” கேட்பவர் வியந்துபோவார். இது உண்மையா?

நம் பொட்டலங்களை வைத்தே சோதிக்கலாம். நிறுத்திய அக்காவிடம் முதல் பொட்டலம் மட்டும்: 65,233. தம்பியிடம் மற்ற மூன்றும்: 79,727. தம்பிதான் முன்னால், 14,494 ரிங்கிட் வித்தியாசத்தில். 5 விழுக்காட்டில் அந்தக் கதை பொய்.

7 விழுக்காடு வைத்துப் பாருங்கள். அக்காவின் ஒற்றைப் பொட்டலம் 126,209. தம்பியின் மூன்றும் சேர்ந்து 113,353. இப்போது கதை உண்மையாகிவிட்டது.

அப்படியானால் எந்த இடத்தில் மாறுகிறது? கூடுதல் கணித மாணவர்களுக்கு அழகான கேள்வி. அக்காவிடம் இருப்பது Dx³. தம்பியிடம் இருப்பது Dx² + Dx + D. இரண்டும் சமமாகும்போது D அடிபட்டுப்போகும்:

```
x^3 = x^2 + x + 1
```

மாதம் 100 போட்டாலும் 500 போட்டாலும் விடை ஒன்றுதான் என்பது D அடிபடுவதிலேயே தெரிகிறது. கணிப்பானில் தேடினால் x ஏறக்குறைய 1.8393. அது பத்து ஆண்டு மடங்கு. அதன் பத்தாம் மூலம் 1.0628. அதாவது எல்லைக்கோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 6.28 விழுக்காடு. அதற்கு மேல் அக்கா வெல்வார், அதற்குக் கீழே தம்பி வெல்வார்.

நம் நாட்டு எண்ணோடு ஒப்பிடுவோம். ஊழியர் சேமநிதி வாரியம் மரபுவழிச் சேமிப்புக்கு அறிவித்த லாப ஈவு 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு. இந்த ஐந்தில் எல்லைக்கோட்டைத் தாண்டியது 2024 மட்டும், அதுவும் மயிரிழையில். ஆகவே “பத்து வருஷம் போட்டாப் போதும், அப்புறம் தானா வளரும்” என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். சீக்கிரம் தொடங்குவது பெரிய பலம். ஆனால் நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் விகிதத்தில், விடாமல் முப்பது ஆண்டு போடுவது அதைவிடப் பெரிய பலம்.

மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலாவது, மொத்தக் கைக்காசையும் ஒரே அடுக்கில் ஏற்றிவிடுவது. 48,000 × 1.05^40 என்று போட்டால் 337,919 வரும். தவறு என்று எப்படித் தெரியும்? கடைசி 1,200 ரிங்கிட் ஒரு நாள்கூட வளரவில்லை. இந்தக் கணக்கு அதற்கும் 40 ஆண்டு வளர்ச்சி கொடுத்திருக்கிறது. சரியான விடை 48,000-க்கும் 337,919-க்கும் நடுவில்தான் இருக்கமுடியும். தேர்வில் இந்த இரண்டு எல்லையையும் முதலில் போட்டு வைத்துக்கொண்டால் விடையைச் சரிபார்க்க உதவும்.

இரண்டாவது, தவணை ஆண்டுத் தொடக்கத்திலா முடிவிலா என்று கேள்வியைப் படிக்காமல் விடுவது. தொடக்கத்தில் போட்டால் எல்லாத் தவணையும் ஓர் ஆண்டு கூடுதலாக வளரும். ஆகவே மொத்த விடையை 1.05-ஆல் பெருக்கவேண்டும்.

மூன்றாவது, இடையிலேயே எண்ணைச் சுருக்குவது. 1.05^40-ஐ 7 என்று எடுத்துக்கொண்டால் விடை 144,000 ஆகிவிடும். 960 ரிங்கிட் காணாமல்போகும். கணிப்பானில் முழு எண்ணையும் வைத்திருந்து கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

விரிதாளில் சரிபார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இந்த வரியைத் தட்டலாம். 144,959.73 வரவேண்டும்:

```
=FV(5%,40,-1200)
```

வினாத்தாளில் இல்லாத மூன்று விஷயம்

நம் கணக்கில் 5 விழுக்காடு 40 ஆண்டும் அசையாமல் நின்றது. உண்மையில் விலைவாசி ஏறும். ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், 40 ஆண்டில் விலை 3.26 மடங்காகும். அக்காவின் 144,960 ரிங்கிட்டால் அப்போது வாங்கக்கூடியது, இன்று ஏறக்குறைய 44,400 ரிங்கிட்டுக்குக் கிடைப்பதுதான். தம்பியின் தொகையும் அதே 3.26-ஆல்தான் வகுபடும், இருவரும் ஒரே ஆண்டில் அறுபதைத் தொடுவதால். ஆகவே யார் எத்தனை மடங்கு முன்னால் என்பது மாறாது. “லட்சாதிபதி ஆகிவிடலாம்” என்ற கனவுதான் சுருங்கும்.

அடுத்து, கட்டணம். ஒரு முதலீட்டு நிதி 7 விழுக்காடு ஈட்டி, அதில் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் போனால், உங்கள் கணக்கில் நுழைவது 5.5 மட்டுமே. 6.28 என்ற எல்லைக்கோட்டுக்கு மேலே இருந்தவர் கீழே வந்துவிடுகிறார். விளம்பரத்தில் உள்ள விகிதத்தை அல்ல, கட்டணம் கழித்த விகிதத்தைத்தான் சூத்திரத்தில் போடவேண்டும்.

மூன்றாவது, கடன். கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு வரை போகிறது. 1,200 ரிங்கிட் நிலுவைக்கு ஓர் ஆண்டில் 216 ரிங்கிட் வட்டி. அதே 1,200-ஐ 5 விழுக்காட்டில் முதலீடு செய்தால் வருவது 60. இருபது வயதில் அட்டைக் கடன் இருக்கும்போது முதலீடு தொடங்கினால் கூட்டு வட்டி நமக்கு எதிராகத்தான் வேலை செய்யும். முதலில் அதை அடைத்துவிட்டு அப்புறம் தொடங்குவதுதான் கணக்கு சொல்லும் வழி.

பயிற்சி

எல்லாக் கேள்வியிலும் ஆண்டு முடிவில் 1,200 ரிங்கிட், 60 வயது வரை.

1. 3 விழுக்காட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் எவ்வளவு?
2. 5 விழுக்காட்டில் 25 வயதில் ஒதுக்கத் தொடங்குபவருக்கு 60-இல் எவ்வளவு இருக்கும்?
3. 20-லிருந்து 25-க்குத் தள்ளிப்போடுவது, 25-லிருந்து 30-க்குத் தள்ளிப்போடுவது; இரண்டில் எது அதிக நட்டம்? ஏன்?

விடைகள்:

1. ஏறக்குறைய 33,391 ரிங்கிட். முதல் பொட்டலம் மட்டும் போதும்: 13,756.65 × 1.03^30.
2. 35 தவணை, 108,384.37 ரிங்கிட்.
3. முதல் ஐந்து ஆண்டுத் தாமதத்தின் விலை 36,575 ரிங்கிட். அடுத்த ஐந்து ஆண்டின் விலை 28,658. இரண்டிலும் விட்டது 6,000 ரிங்கிட் கைக்காசுதான். ஆனால் முதலில் விட்டதற்கு வளர ஐந்து ஆண்டு கூடுதலாக இருந்தது. 28,658-ஐ 1.05^5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 36,575 வந்து நிற்கும்.

மூன்றாம் கேள்வியை முப்பது வயதைத் தாண்டியவர்களும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 30-லிருந்து 35-க்குத் தள்ளிப்போட்டால் விலை 22,454 ரிங்கிட், அதே 1.05^5-ஆல் 28,658-ஐ வகுத்தால் கிடைக்கும். ஒவ்வோர் ஐந்து ஆண்டுத் தாமதமும் முந்தையதைவிடச் சற்று மலிவு, ஆனால் எதுவும் இலவசமில்லை.